அடுத்தவன் கொப்பியைப் பார்ப்பது எப்படி?

பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரனின் கொப்பியை எட்டிப் பார்ப்பவன் பெரும்பாலும் விடையை மட்டுமே பார்க்கிறான். அவனுக்குக் கிடைத்திருப்பது வேறு வினாத்தாள் என்பதைக் கவனிப்பதில்லை. சமூக ஊடகங்களில் ‘போட்டியாளர் ஆய்வு’ என்ற பெயரில் இன்று நடப்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். இதைச் சொல்வதால் பயிற்சிப் பட்டறை நடத்துகின்ற நண்பர்கள் சிலர் கோபிக்கக்கூடும். கோபிக்கட்டும். எழுதத் தூண்டிய சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அம்பாறை மாவட்டத்து முஸ்லிம் ஊர்கள் என்றதும் கல்முனையும் நிந்தவூரும் அக்கரைப்பற்றுமாகக் கடற்கரைதான் பலருக்கு நினைவுக்கு வரும். இறக்காமம் கடலைப் பார்க்காத ஊர். குளத்தையும் வயலையும் பார்த்து வாழ்கின்ற ஊர். பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்னர் ஒரு திருமண வீட்டுக்காக அங்கு சென்றிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் மூன்று இளைஞர்கள் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துச் சென்றார்கள். ஊரின் பெயரில் முகநூல் செய்திப் பக்கம் ஒன்றை நடத்துபவர்கள். பத்திரிகையில் முப்பத்தைந்து ஆண்டு கழித்தவன் என்ற மரியாதையில் ஒரு தாளை என்னிடம் நீட்டினார்கள்.

அந்தத் தாளில் மூன்று வரிகள் இருந்தன. தங்கள் பக்கத்தைப் பின்தொடர்வோர் 6,400. கொழும்பிலிருந்து இயங்கும் பெரிய தமிழ்ச் செய்திப் பக்கம் ஒன்றைப் பின்தொடர்வோர் 12 இலட்சம். ஆகவே ஓராண்டில் தங்கள் இலக்கு 1 இலட்சம். அந்தப் பெரிய பக்கம் போடுவதைப் போலவே நாளொன்றுக்கு முப்பது பதிவு போடுவது, ஒருவரின் கட்டாரிலுள்ள சகோதரர் அனுப்பவிருக்கும் 2 இலட்சம் ரூபாவை முகநூல் விளம்பரத்துக்குச் செலவிடுவது என்பது திட்டம். பட்டறை ஒன்றில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம்: உங்கள் துறையில் முதலிடத்தில் இருப்பவரைப் பாருங்கள், அவரிடம் இருப்பதும் உங்களிடம் இல்லாததும்தான் உங்கள் இடைவெளி.

“எப்படி காக்கா, சரிவருமா?” என்றார் மூவரில் மூத்தவர்.

“கணக்குப் பார்ப்போம் தம்பி” என்றேன்.

6,400 பன்னிரண்டு மாதத்தில் 1 இலட்சம் ஆவதற்கு மாதந்தோறும் ஏறத்தாழ 26 சதவீதம் வளரவேண்டும். முந்திய ஆறு மாதங்களில் அவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 90 பேரைச் சேர்த்திருந்தார்கள். அது 1.4 சதவீதம். வேகம் பதினெட்டு மடங்குக்கு மேல் கூடவேண்டும், அதுவும் ஒரு மாதமேனும் தளராமல்.

அடுத்த கேள்வி இதைவிட முக்கியமானது. அந்த இலட்சம் பேர் யார்? ஊரின் சனத்தொகையைக் கணக்குக்காக 15,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் குழந்தைகளையும் முகநூலை எட்டிப் பாராத முதியவர்களையும் கழித்து, வளைகுடா நாடுகளில் உழைக்கின்ற நம் பிள்ளைகளைக் கூட்டினாலும் எண்ணிக்கை அதே 15,000த்தைத் தாண்டுவது கடினம். இலட்சம் பேர் சேர்ந்தார்கள் என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறக்காமம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. குளத்தின் வாய்க்கால் எப்போது திறக்கப்படும் என்பது அவர்களுக்கு எதற்கு? ஊரிலுள்ள வன்பொருள் கடைக்காரர் அவர்களுக்கு எப்படிச் சீமெந்து விற்பார்?

“பெரிய நம்பர் இல்லாவிட்டால் விளம்பரம் தரமாட்டார்கள் காக்கா” என்றார் இளையவர்.

“கடைக்காரரைக் கேட்டீர்களா?” என்றேன். கேட்கவில்லை.

இவர்களை நான் குறை சொல்லமாட்டேன். குறை, முதலிடத்தைப் பார் என்று கற்றுக்கொடுத்தவர்களுடையது. ஒப்பிடுவது தவறென்று நான் சொல்லவில்லை. பத்திரிகைக்காரன் அதை எப்படிச் சொல்வான்? எங்கள் ஆசிரியபீடத்தில் ஒவ்வொரு காலையும் போட்டிப் பத்திரிகைகள் அனைத்தும் மேசைமேல் விரிந்திருக்கும். செய்தி ஆசிரியர் சிவப்புப் பென்சிலுடன் குனிந்திருப்பார். நாம் தவறவிட்ட செய்திகளுக்கு வட்டம் விழும், பிரதேச நிருபருக்குத் திட்டு விழும். ஒப்பீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். யாரோடு ஒப்பிடுவது, எதை எண்ணுவது, எண்ணியதிலிருந்து எதை முடிவு செய்வது என்ற மூன்றும் தெரியாமல் ஒப்பிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

முதலில், யாரோடு. கொழும்புப் பக்கத்தைத் தாளிலிருந்து வெட்டச் சொன்னேன். அதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டு, நாடு முழுவதும் வாசகர் உண்டு. அதனிடமிருந்து கற்கலாம், அதை அளவுகோலாக்க முடியாது. அயலூர்ப் பக்கங்களில் நான்கைத் தெரிந்தோம். பெயர் வேண்டாம், அ, ஆ, இ, ஈ என்போம். அ-வைப் பின்தொடர்வோர் 48,000, ஆ-வுக்கு 21,000, இ-க்கு 15,000, ஈ-க்கு 9,000. நான்குமே ஊர்ச் செய்திப் பக்கங்கள், ஊர்க்காரர்கள் ஓய்வு நேரத்தில் நடத்துபவை.

ஒவ்வொன்றையும் சேர்க்குமுன் பக்கத்தின் வெளிப்படைத்தன்மை என்ற பகுதியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதை முகநூல் அங்கே காட்டுகிறது. அ பக்கம் முன்னர் நகைச்சுவைப் படங்கள் போடும் பக்கமாக வேறு பெயரில் இருந்தது அங்கே தெரிந்தது. அதன் 48,000 பேரில் எத்தனை பேர் செய்திக்காக வந்தவர்கள் என்று எவராலும் சொல்லமுடியாது. பெயர் மாறிய பக்கத்தின் எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வீண்.

இரண்டாவது, எதை எண்ணுவது. இதற்கு முன்பு வசதியான கருவி ஒன்று இருந்தது. கிரௌட்டாங்கிள் என்ற அந்தக் கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஆகஸ்ட் 14ஆம் திகதி மூடிவிட்டது. ஆகவே கொப்பியும் பேனையும்தான். 28 நாட்கள், அதாவது நான்கு முழு வாரங்கள். வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எல்லாப் பக்கத்துக்கும் சம எண்ணிக்கையில் வரவேண்டும் என்பதால் முழு வாரங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் திகதி, வகை, விருப்பு, பின்னூட்டம், பகிர்வு. பதிவு போட்டு மூன்று நாள் கழித்துத்தான் எண்ணவேண்டும். இல்லாவிட்டால் நேற்றைய பதிவையும் போன வாரப் பதிவையும் ஒரே தராசில் நிறுத்ததாகிவிடும்.

நான்கு பக்கங்களிலும் சேர்த்து 440 பதிவுகள். மூவரும் பங்குபோட்டுச் செய்தார்கள்.

ஆ பக்கத்தின் கணக்கைப் பார்த்ததும் பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. 84 பதிவுகளுக்கு 10,080 எதிர்வினைகள், சராசரி 120. தங்களுடையது முப்பதையும் எட்டவில்லை. கொப்பியை வாங்கி வரி வரியாகப் பார்த்தேன். அந்த 10,080இல் 5,880 இரண்டே பதிவுகளுக்குரியவை. ஒன்று பிரபல ஆலிம் ஒருவரின் ஜனாஸா அறிவித்தல். மற்றது பிரதான வீதியில் நடந்த விபத்து. மிகுதி 82 பதிவுகளுக்குக் கிடைத்தது 4,200தான்.

எங்கள் ஊர்களில் ஜனாஸா அறிவித்தலின் கீழே நூற்றுக்கணக்கில் பின்னூட்டம் வருவது வாசகர் காட்டும் ஆர்வத்தால் அல்ல. அது அனுதாபமும் பிரார்த்தனையும். கடமை உணர்வோடு எழுதப்படுபவை. அதைப் பக்கத்தின் திறமையாக எண்ணுபவர் தம்மையே ஏமாற்றுகிறார். ஆகவே ஜனாஸாவைத் தனி வகையாக வைத்துவிட்டு, மற்றவற்றுக்குச் சராசரிக்குப் பதில் இடையத்தைப் பார்த்தோம். எல்லாப் பதிவுகளையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தினால் நட்டநடுவில் நிற்கும் எண் அது. ஒரு விபத்துப் படம் அதை அசைக்காது.

ஆ-வின் இடையம் 42. அ-வுக்கு 60, இ-க்கு 45, ஈ-க்கு 27, நம் பிள்ளைகளுக்கு 22. இப்போது பின்தொடர்வோர் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்தோம். அ-வுக்கு 1.25, ஆ-வுக்கு 2, இ-க்கும் ஈ-க்கும் 3, இறக்காமத்துக்கு 3.4.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிறிய பக்கத்துக்கு இந்த வீதம் உயர்ந்திருப்பது வழமை. வீட்டாரும் நண்பரும் சேர்ந்த கூட்டத்தில் எல்லோரும் கை தட்டுவார்கள், கூட்டம் பெருகப் பெருக வீதம் இறங்கும். எனவே 48,000 பேரின் பக்கத்தை 6,400 பேரின் பக்கம் வீதத்தில் வென்றதாகக் கொண்டாடக்கூடாது. அளவில் நெருங்கிய இ-யும் ஈ-யும்தான் உண்மையான அளவுகோல். அவற்றோடு பார்த்தால் இறக்காமம் பின்தங்கவுமில்லை, முந்தவுமில்லை. நலமாக இருக்கிறது. அவ்வளவே.

மூன்றாவதாக இடைவெளி. அந்தச் சொல்லை வைத்துத்தான் அதிக மோசடி நடக்கிறது. அவனிடம் உண்டு, என்னிடம் இல்லை என்பதை இடைவெளி என்கிறார்கள். சிவப்புப் பென்சில் செய்த பிழையும் அதுவே என்பதை ஓய்வு பெற்ற பின்னர்தான் உணர்ந்தேன். அவர்கள் தவறவிட்டதை நாமும், நாம் தவறவிட்டதை அவர்களும் நிரப்பிக்கொண்டே போனதில், ஒரே அமைச்சரின் ஒரே அடிக்கல் நாட்டு விழா எல்லாப் பத்திரிகையிலும் ஒரே பக்கத்தில் வந்தது. எவரிடமும் இல்லாததற்கு வட்டம் போட அந்தப் பென்சிலுக்குத் தெரியாது.

440 பதிவுகளை வகை பிரித்தோம். 167 பதிவுகள், அதாவது 38 சதவீதம், அரசியல்வாதிகளும் திறப்பு விழாக்களும். நான்கு பக்கங்களிலும் இடையத்துக்குக் கீழே கிடந்த வகை இதுதான். யாரும் விரும்பிப் பார்க்காததை எல்லோரும் போட்டிபோட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தான்: 40 பதிவில் 17. விவசாயம் 440இல் 7. வயலை நம்பி வாழ்கின்ற பிரதேசத்தில் ஏழு!

ஆனால் வெற்றிடமெல்லாம் இடைவெளி ஆகிவிடாது. ‘கணினிக் குறிப்புகள்’ என்ற வகையில் எவரும் ஒன்றுமே போடவில்லை. மூவரில் ஒருவர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். ஊர்ப் பக்கத்தில் அதைத் தேடி யாரும் வருவதில்லை, ஆகவே அது வெறும் பாலைநிலம். வெற்றிடத்தை இடைவெளி என்று ஏற்குமுன் மூன்று கேள்வி கேட்கவேண்டும். அதை யாராவது கேட்டிருக்கிறார்களா? எவரேனும் அதைப் போட்டபோது, போட்டவரின் சொந்த இடையத்தை அது தாண்டியதா? அதை வாராவாரம் கொண்டுவர நம்மிடம் ஆளுண்டா?

விவசாயத்தை இந்த மூன்றிலும் உரசிப் பார்த்தோம். பக்கத்தின் உள்பெட்டியில் ஆறு மாதச் செய்திகளைத் தேடியபோது, தண்ணீர் எப்போது திறப்பார்கள், ஆரம்பக் கூட்டம் என்றைக்கு, நெல் மூட்டை என்ன விலை போகிறது என்று கேட்டவை பல இருந்தன. பெரும்பாலானவற்றுக்குப் பதிலே போகவில்லை. அந்த ஏழு பதிவில் ஆறு, அந்தந்தப் பக்கத்தின் இடையத்தைத் தாண்டியிருந்தன. விருப்பு குறைவு, பகிர்வு அதிகம் என்பதையும் கவனித்தோம். பயன்படுகின்ற தகவலுக்கு மனிதர் விருப்புக் குறி போடுவதில்லை, எடுத்து அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள். ஆளுக்கும் பஞ்சமில்லை. மூத்தவரின் வாப்பாவே வயல் செய்பவர், வட்டைவிதானையுடன் தினமும் பேசுபவர்.

எதிர்த்திசையில் ஒரு பொறியும் இருந்தது. விபத்துப் படங்கள் மூன்று கேள்வியில் இரண்டைத் தாண்டிவிடும். மூன்றாவதையும் தாண்டும், கைத்தொலைபேசி எல்லோரிடமும் உண்டு. ஆனாலும் வேண்டாம் என்றேன். உடல் கிடக்கும் படத்தை அந்த வீட்டு உம்மா முகநூலில்தான் முதலில் காணவேண்டுமா? அட்டவணை இதைச் சொல்லாது. ஆசிரியன் சொல்லவேண்டும்.

இனி இலக்கு. பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் முதல் திகதியும் கடைசித் திகதியும் நான்கு பக்கங்களின் எண்ணிக்கையையும் குறித்துவைத்தார்கள். மாதத்துக்கு இ-க்கு 210 பேர், அது 1.4 சதவீதம். ஈ-க்கு 150 பேர், ஏறத்தாழ 1.7 சதவீதம். ஆ மட்டும் 1,400 பேர், 6.7 சதவீதம். ஏனென்று மெட்டாவின் விளம்பர நூலகத்தில் தேடினால் ஆ-வின் பெயரில் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த நூலகம் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடியது. ஆனால் நம் நாட்டில் சாதாரண வணிக விளம்பரம் ஓடும்போதுதான் அங்கே தெரியும், நிறுத்தினால் மறைந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை பார்க்கவேண்டும். ஆ-வின் வளர்ச்சி பணத்தால் வாங்கியது. அதை இலக்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

எஞ்சியது 1.4க்கும் 1.7க்கும் இடைப்பட்ட இயல்பான வேகம். இப்போதிருக்கும் 1.4இலேயே போனால் ஆண்டு முடிவில் 7,560 பேர். இடைவெளியை நன்றாக நிரப்பி, அயலவர் எவரும் காசின்றி எட்டாத 2.5ஐ எட்டினால் 8,600. முன்னது தளம், பின்னது கூரை. இலக்கு இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டும் என்று தாளில் எழுதி, 1 இலட்சம் என்ற வரியை நானே வெட்டினேன்.

மூத்தவருக்கு அது கசந்தது. “இவ்வளவு எண்ணி எண்ணிக் கடைசியில் இரண்டாயிரம்தானா காக்கா?” என்றார்.

ஆம், இரண்டாயிரம்தான். அயலவர் கொப்பியை ஒழுங்காகப் பார்த்தால் அது நமக்கு எல்லையைக் காட்டும், கனவைத் தராது. கட்டாரில் வெயிலில் நின்று உழைப்பவனின் 2 இலட்சம் ரூபாவை அடையமுடியாத இலக்கில் கொட்டி, ஆண்டு முடிவில் 9,000 பேரைப் பார்த்துத் தோற்றுவிட்டோமென்று பக்கத்தையே மூடுவதைவிட இது மேல். அப்படி மூடப்பட்ட ஊர்ப் பக்கங்கள் எத்தனையோ உண்டு. அவை தோற்றதன் காரணம் வாசகர் இல்லாமையல்ல. பொருந்தாத இலக்கு.

சிறுபோகம் தொடங்கியதிலிருந்து, நீர் திறக்கும் நாட்களும் வாய்க்கால் முறையும் வாரத்தில் இரண்டு முறை பக்கத்தில் வருகின்றன. நெல் விலை வியாழன் இரவு வருகிறது. இலங்கையில் இரவு ஒன்பதரை என்றால் கட்டாரில் ஏழு, வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பார்கள். வயலைக் குத்தகைக்கு விட்டுச் சென்றவர்களும் அங்கே இருக்கிறார்கள் அல்லவா? திறப்பு விழாக்களை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். அழைத்தவர்கள் முகம் சுளித்தது உண்மை.

மூன்று மாதக் கணக்கு இது. விவசாயப் பதிவுகளின் இடையம் 31, பக்கத்தின் பழைய இடையம் 22. மாதத்துக்குச் சேர்பவர் 90இலிருந்து 125 ஆகியிருக்கிறார்கள். அது ஏறத்தாழ 2 சதவீதம், தளத்துக்கு மேலே, கூரைக்குக் கீழே. இதே மாதங்களில் ஈ பக்கம் பழைய 150இலேயே நின்றது. எனவே பருவத்தால் எல்லோரும் வளர்ந்தார்கள் என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆயினும் மூன்று மாதம் போதாது. அறுவடைக்குப் பின் தண்ணீர்ச் செய்தி இல்லாத மாதங்களில் என்னாகிறது என்று பார்த்துத்தான் இலக்கைத் திருத்தவேண்டும்.

இந்த முறைக்குள்ள குறையையும் மறைக்கக்கூடாது. வெளியிலிருந்து எண்ணுபவனுக்கு அடுத்தவர் பக்கத்தின் விருப்பும் பின்னூட்டமும் பகிர்வும்தான் பெரும்பாலும் தெரியும். எத்தனை பேர் கண்டார்கள் என்பது தெரியாது. திரையைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். எங்கள் ஊர்களில் செய்தி பெரும்பாலும் அந்தப் பாதையில்தான் நடக்கிறது. ஆகவே எண்ணை நம்பலாம். எண்ணில் வராததை இல்லையென்று சொல்லக்கூடாது.

இந்தப் பதிவை எழுதுமுன் மீண்டும் இறக்காமத்துக்குச் சென்றேன். வன்பொருள் கடைக்காரர் மாத விளம்பரம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லையாம். “தண்ணி திறக்கிற செய்தி உங்கட பக்கத்துலதானே வருது?” என்று மட்டும் கேட்டாராம்.

எங்கள் ஆசிரியபீடத்தில் சிவப்புப் பென்சிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி இருந்தது. வாசகர் கடிதப் பெட்டி. போட்டிப் பத்திரிகைகளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கொடுத்த நாங்கள், அந்தப் பெட்டியை வாரத்துக்கு ஒருமுறைதான் திறந்தோம். இன்று அந்தப் பெட்டி பக்கத்தின் உள்பெட்டியாக எல்லோரிடமும் இருக்கிறது. அடுத்தவன் கொப்பியைத் திறக்குமுன் அதைத் திறவுங்கள்.